கம்பனி கொடுத்த போனில் சந்தா செயலி ஏறவில்லையா? முதலிலிருந்து கடைசி வரை செய்ய வேண்டியவை

ஹட்டனில் போன் கடை வைப்பதற்கு முன் நான் ஒரு கம்பனியின் ஐ.டி. பிரிவில் இருந்தேன். தோட்ட உத்தியோகத்தர்களுக்குக் கொடுக்கும் ஆண்ட்ராய்டு போன்களைப் பதிவு செய்து கட்டுப்பாடுகளை ஏற்றுவதுதான் என் வேலை. இப்போது அதே மாதிரிப் போன்களோடு ஆட்கள் கடைக்கு வருகிறார்கள். "காசு கட்டிட்டேன் தம்பி, ஆனா உள்ள போக விடுதில்ல" என்பதுதான் பெரும்பாலும் முதல் வார்த்தை. பாட்டுச் செயலி, படச் செயலி, பிள்ளைகளின் பாடச் செயலி, எதுவானாலும் சிக்கல் ஒன்றுதான். யார் மறுக்கிறார்கள் என்று பார்க்காமலே அழித்து, திரும்பப் போட்டு, ரீசெட் வரை போய்விடுகிறார்கள்.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியின் விடையை வைத்துத்தான் அடுத்த படி.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரியும் அதன் கடவுச்சொல்லும் வேண்டும். கம்பனி கொடுத்த முகவரி இதற்கு உதவாது. சொந்த முகவரியின் கடவுச்சொல் மறந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். பாதி வழியில் அதைத் தேடப் போனால் எந்தக் கோளாறு எதனால் வந்தது என்றே தெரியாமல் போகும்.

சரிபார்ப்பு எண் வரும் சிம் கையில் இருக்கட்டும். அப்புறம், மறுப்புச் செய்தி வந்தால் அதை அப்படியே பிடித்து வைக்க இன்னொரு போன் தேவை. கம்பனிப் போன்களில் ஸ்கிரீன்ஷொட் தடுக்கப்பட்டிருப்பது சகஜம். செய்தியின் ஒரு சொல் மாறினாலும் காரணம் மாறும் என்பதால் ஞாபகத்தை நம்பாதீர்கள்.

சந்தா இன்னும் கட்டவில்லை என்றால் இப்போது கட்ட வேண்டாம். இலவசக் கணக்கிலேயே செயலி ஏறுகிறதா, உள்ளே போகிறதா என்று பார்த்த பிறகு கட்டலாம்.

## 2. உங்கள் போன் எந்த வகைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது?

கம்பனிக் கட்டுப்பாடு உள்ள ஆண்ட்ராய்டு போன்கள் பொதுவாக மூன்று வகை. இதைக் கண்டுபிடிக்காமல் மேலே போக வேண்டாம். ஒரு வகையில் இரண்டு நிமிடத்தில் முடியும் வேலை, இன்னொரு வகையில் உங்களால் செய்யவே முடியாததாக இருக்கும்.

முதல் வகை, போன் உங்களுடையது, அதற்குள் கம்பனிக்கென்று ஒரு தனிப் பகுதி. செயலிகள் வரிசையை மேலே இழுத்தால் `Personal`, `Work` என்று இரண்டு பக்கம் தெரியும். வேலைப் பக்கத்துச் செயலிகளின் மூலையில் சின்னக் கைப்பெட்டிக் குறி இருக்கும். இந்த வகையில் சொந்தப் பக்கம் பெரும்பாலும் உங்கள் இஷ்டம்.

இரண்டாவது வகை, போன் கம்பனியுடையது, ஆனால் அதே இரண்டு பக்கமும் உண்டு. பார்ப்பதற்கு முதல் வகை போலவே இருப்பதால் இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மேலிருந்து திரையை இழுத்தால் வரும் பட்டியலிலோ பூட்டுத் திரையிலோ `This device belongs to your organization` என்றோ, கம்பனி பெயரோடோ எழுதியிருந்தால் இந்த வகை. சொந்தப் பக்கத்திலும் சில செயலிகளைத் தடுக்கக் கம்பனியால் முடியும். ஆனால் அந்தப் பக்கத்துப் படங்களையும் செய்திகளையும் பார்க்க முடியாது.

மூன்றாவது வகை முழுக் கட்டுப்பாடு. இரண்டு பக்கம் இருக்காது, போன் முழுவதும் வேலைதான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்குப் பதிய மட்டும் கொடுக்கும் போன்கள் பெரும்பாலும் இப்படித்தான். பிளே ஸ்டோரைத் திறந்தால் கம்பனி அனுமதித்த ஐந்தாறு செயலிகள் மட்டும் தெரியும்.

சந்தேகம் இருந்தால் `Settings` மேலே உள்ள தேடலில் `work policy` அல்லது `managed` என்று அடித்துப் பாருங்கள். கம்பனி எதையெல்லாம் பார்க்க முடியும், எதையெல்லாம் மாற்ற முடியும் என்று போனே சொல்லும் பக்கம் வரும்.

## 3. மறுத்தது யார் என்று செய்தியை வைத்துப் பிடிப்பது

செயலியை ஏற்றப் பார்த்து, வரும் செய்தியை நிறுத்தி வாசியுங்கள்.

`Your administrator has not given you access to this item` என்று பிளே ஸ்டோர் சொன்னால், அந்தக் கணக்கு கம்பனியுடையது, செயலி அனுமதிப் பட்டியலில் இல்லை. நீங்கள் வேலைப் பக்கத்துப் பிளே ஸ்டோரில் நிற்கிறீர்கள் என்பதற்கும் இதுவே அடையாளம்.

கணக்குச் சேர்க்கப் போகும்போதோ வேறு இடத்திலிருந்து எடுத்த கோப்பை ஏற்றப் போகும்போதோ `Blocked by your IT admin` வந்தால் போனின் கட்டுப்பாடு மறுக்கிறது. பழைய ஆண்ட்ராய்டில் இதே இடத்தில் `Action not allowed` என்று வரும். பிளே ஸ்டோருக்கும் செயலிக்கும் இதில் சம்பந்தமில்லை.

செயலி ஏறிவிட்டது, உள்ளே போகும்போது மட்டும் `Error 400: admin_policy_enforced` அல்லது `Need admin approval` என்கிறது. முன்னது கூகுள் வழியாக, பின்னது மைக்ரோசொப்ட் வழியாக வருவது. இங்கே போன் குற்றமற்றது. கம்பனியின் மின்னஞ்சல் முகவரியை வெளிச் செயலியில் நுழையப் பாவிப்பதைத்தான் கம்பனி தடுத்திருக்கிறது. புதுப் போன் வாங்கினாலும் இதே செய்திதான் வரும்.

`Your device isn't compatible with this version` என்பதையும், செயலி உங்கள் நாட்டில் இல்லை என்பதையும் கம்பனி தலையில் போடாதீர்கள். ஆண்ட்ராய்டு பழசாக இருப்பது, கணக்கின் நாடு வேறாக இருப்பது போன்றவை அதற்குக் காரணம். ஐ.டி. பிரிவுக்கு எழுதிப் பயனில்லை.

## 4. சொந்தப் பக்கத்தில் ஏற்றுவது

இரண்டு பக்கம் உள்ள போனில் பிளே ஸ்டோரும் இரண்டு இருக்கும். கைப்பெட்டிக் குறி இல்லாத பிளே ஸ்டோரைத் திறங்கள். கடைக்கு வருகிறவர்கள் முகப்புத் திரையில் முதலில் கண்ணில் பட்டதைத் தட்டிவிடுகிறார்கள், அது பல நேரம் கைப்பெட்டி உள்ளதாக இருக்கிறது.

சொந்தக் கணக்கு இல்லையென்றால் அங்கேயே சேர்க்கச் சொல்லும். சேர்த்துவிட்டு, மேலே வலப்பக்க வட்டத்தைத் தட்டி உங்கள் சொந்த முகவரிதான் இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிளே ஸ்டோர் வழியாகக் கட்டும் சந்தா அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் கூகுள் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். சொந்தப் பக்கத்தில் கட்டிவிட்டு வேலைப் பக்கத்தில் அதே செயலியைத் திறந்தால் அது உங்களைக் காசு கட்டாதவராகத்தான் பார்க்கும்.

கணக்குச் சேர்க்கவே விடவில்லை என்றால் நிறுத்துங்கள். கம்பனிப் போனில் அந்தத் தடை சொந்தப் பக்கத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. 7ஆம் படிக்குப் போங்கள்.

## 5. உள்ளே நுழைவது: `Continue with Google` என்ற பொறி

கடைக்கு வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான். அதனால் ஒருவருடைய கதையை முழுதாகச் சொல்கிறேன்.

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் பீல்ட் ஒபிசராக இருக்கும் ஓர் அண்ணன். கம்பனிப் போன், இரண்டு பக்கமும் உண்டு. பாட்டுச் செயலியொன்றுக்கு மாதச் சந்தா கட்டுகிறார். கணக்கை அவர் போனில் திறக்கவில்லை. ஓபிஸ் கணினியில், கம்பனி முகவரி ஏற்கெனவே திறந்திருந்த பிரவுசரில், `Continue with Google` என்பதைத் தட்டினார். ஒரு தட்டில் கணக்கு தயார். காசு அவருடைய சொந்த வங்கி அட்டையிலிருந்து போனது. ஆனால் கணக்கின் பெயர் கம்பனி முகவரி. அப்போது அவர் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு கம்பனி, தன் முகவரிகளை வெளிச் செயலிகளில் பாவிப்பதை மூடியது. போனில் செயலி வெளியே தள்ளிவிட்டது. திரும்ப நுழையப் போனால் `admin_policy_enforced`. சொந்த ஜிமெயிலால் நுழைந்தால் உள்ளே விடுகிறது, ஆனால் அது காசு கட்டாத புதுக் கணக்கு, பாட்டுப் பட்டியலும் காலி. அவர் மூன்று தடவை செயலியை அழித்துப் போட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

செயலியில் கோளாறில்லை, போனிலும் இல்லை. கணக்கின் சாவி கம்பனியிடம் இருந்தது, அவ்வளவுதான். சாவியை மாற்ற இப்படிச் செய்தோம்.

முதலில், எங்கேயாவது கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்த்தோம். திறந்திருந்தால் அங்கிருந்தே முகவரியை மாற்றிவிடலாம். அவருக்கு எங்கும் இல்லை.

அடுத்து, செயலியின் இணையத்தளத்தில் கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற வழியைப் பிடித்து, கம்பனி முகவரியைக் கொடுத்தோம். கூகுள் வழியாகத் திறந்த கணக்குக்கும் பல சேவைகள் இப்படிப் புதிதாக ஒரு கடவுச்சொல் வைக்க விடும். கம்பனி தடுத்திருப்பது கூகுள் வழி நுழைவதைத்தான். மின்னஞ்சல் வருவதைத் தடுக்கவில்லை. அதனால் இந்த வழி திறந்திருக்கிறது.

மடல் போனின் வேலைப் பக்கத்துக்கு வந்தது. இங்கே ஒரு தடங்கல். அதிலிருந்த இணைப்பைத் தட்டினால் அது வேலைப் பக்கத்துப் பிரவுசரில் திறக்கும், அங்கே அந்தத் தளம் மூடியிருந்தது. இணைப்பை நகலெடுத்துச் சொந்தப் பக்கத்தில் ஒட்டவும் முடியவில்லை, அதையும் கம்பனி தடுத்து வைத்திருக்கிறது. மறுநாள் ஓபிஸ் கணினியில் அதே மடலைத் திறந்து கடவுச்சொல்லை வைத்தார். உங்களுக்கு இணைப்புக்குப் பதிலாக எண் வந்தால் பிரச்சினையே இல்லை, கண்ணால் பார்த்து மற்றப் பக்கத்தில் அடிக்கலாம்.

பிறகு போனின் சொந்தப் பக்கத்தில் செயலியைத் திறந்து, கூகுள் பட்டனைத் தொடாமல், கம்பனி முகவரியையும் புதுக் கடவுச்சொல்லையும் அடித்து நுழைந்தார். சந்தாவும் பட்டியலும் அப்படியே இருந்தன. நுழைந்த கையோடு கணக்கின் முகவரியைச் சொந்த ஜிமெயிலுக்கு மாற்றச் சொன்னேன். இதைத் தள்ளிப்போட்டால் அடுத்த தடவை கடவுச்சொல் மறக்கும்போது மறுபடி கம்பனி மடல்பெட்டிதான் கதி.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்தச் சுற்றையெல்லாம் தவிர்க்கலாம். கணக்குத் திறக்கும்போது சொந்த முகவரியை அடித்து, தனிக் கடவுச்சொல் வையுங்கள். `Continue with Google`, `Continue with Microsoft` பட்டன்களைக் கம்பனிக் கணக்கு திறந்திருக்கும் எந்தக் கருவியிலும் தொடாதீர்கள்.

## 6. நேற்று வரை ஓடியது, இன்று சாம்பல் நிறமாகிவிட்டது

கம்பனிக்குச் சொந்தமான, இரண்டு பக்கம் உள்ள போனில் மட்டும் வரும் ஒரு விஷயம் இது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ லீவு போட்டவுடன் வேலைச் செய்திகள் வராமல் இருக்க `Work` பக்கத்தை அணைத்துவிடுவார்கள். நான்கைந்து நாள் கழித்துச் சொந்தப் பக்கத்துச் செயலிகள் எல்லாம் சாம்பல் நிறமாகி, தட்டினாலும் திறக்காமல் கிடக்கும்.

வேலைப் பக்கம் எத்தனை நாள் அணைந்திருக்கலாம் என்று கம்பனி ஓர் எல்லை வைக்க முடியும். ஆண்ட்ராய்டு 11 முதல் இந்த வசதி உண்டு. குறைந்தபட்ச எல்லை 3 நாள். அது தாண்டினால் சொந்தச் செயலிகளை நிறுத்தி வைக்கும். எதுவும் அழிந்திருக்காது. வேலைப் பக்கத்தைத் திரும்பப் போட்டால் அவை எழுந்துவிடும். பதற்றத்தில் செயலியை அழித்துவிடாதீர்கள், அதில் இறக்கி வைத்த பாட்டும் படமும் போய்விடும்.

வேலைப் பக்கம் போட்டிருந்தும் படம் மட்டும் ஓடவில்லை என்றால், மேலே பட்டையில் சாவிக் குறி இருக்கிறதா பாருங்கள். அது வி.பி.என். இரண்டு பக்கப் போனில் கம்பனி வி.பி.என். பெரும்பாலும் வேலைப் பக்கத்தோடு நிற்கும். முழுக் கட்டுப்பாட்டுப் போனில் எல்லாமே அதன் வழியாகப் போகலாம், படச் செயலிகள் பல அதை ஏற்காது. உறுதி செய்ய, அதே கணக்கை அதே வைபையில் வேறொரு போனில் திறந்து பாருங்கள். அங்கே ஓடினால் உங்கள் போனின் கட்டுப்பாடுதான் காரணம்.

## 7. முழுக் கட்டுப்பாடு என்றால்: ஐ.டி. பிரிவுக்கு எழுதுவது

இந்த வகையில் உங்கள் கையில் ஒன்றுமில்லை. நிர்வாகி அந்தச் செயலியை அனுமதித்து, உங்கள் போன் இருக்கும் குழுவுக்குக் கொடுத்தால்தான் வரும். நான் அந்த நாற்காலியில் இருந்தபோது "சேர், அப் வேலை செய்யல" என்று மட்டும் வந்த மடல்கள் நாள்கணக்கில் கிடந்தன. என்னால் எதையும் தொடங்க முடியாது என்பதுதான் காரணம்.

மடலில் நான்கு விடயம் இருக்கட்டும்: போனின் மாடல், வந்த செய்தியின் படம், வேலைக்கு அது ஏன் தேவை என்று ஒரு வரி, செயலியின் பிளே ஸ்டோர் இணைப்பு. ஒரே பெயரில் பல செயலிகள் இருப்பதால் பெயர் மட்டும் போதாது. நிர்வாகி தேடுவது இணைப்பின் கடைசியில் `id=` என்பதற்குப் பிறகு வரும் பெயரை. உதாரணத்துக்கு நெட்பிளிக்ஸ்:

```
https://play.google.com/store/apps/details?id=com.netflix.mediaclient
```

வேலைக்குத் தேவையில்லாத செயலி என்றால் பெரும்பாலும் மறுப்பார்கள். படம் பார்ப்பதற்கு அனுமதி கேட்டு மடல் போடுவதை விட வீட்டிலுள்ள பழைய போனில் அதை வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். பயிற்சிச் செயலி, மொழிபெயர்ப்புச் செயலி, பயிர் நோய் பார்க்கும் செயலி போன்றவற்றுக்கு அனுமதி கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அனுமதி வந்தாலும் சந்தாவைச் செயலியின் இணையத்தளத்தில் கட்டுங்கள். உங்கள் கூகுள் கணக்கை இந்தப் போனில் சேர்க்க விடாதபோது, பிளே ஸ்டோரில் கட்டிய சந்தாவைச் செயலி இங்கே பல நேரம் கண்டுகொள்ளாது. இணையத்தளத்தில் கட்டியது உங்கள் முகவரியோடும் கடவுச்சொல்லோடும் வரும்.

"அனுமதி கொடுத்துவிட்டோம்" என்று கொழும்பிலிருந்து சொன்ன பிறகும் செயலி தெரியவில்லையா? போன் இன்னும் அந்தச் செய்தியை வாங்கவில்லை. மலை மறைவில் டேட்டா வந்து வந்து போகும் லயத்துப் பக்கத்தில் இது சாதாரணம். சிக்னல் நிற்கும் இடத்துக்கோ ஓபிஸ் வைபைக்கோ வந்து, `Company Portal`, `Intune`, `Android Device Policy` இவற்றில் எது உங்கள் போனில் இருக்கிறதோ அதைத் திறந்து `Sync` தட்டுங்கள். அது இல்லையென்றால் போனை ஒருமுறை அணைத்துப் போட்டு, கொஞ்ச நேரம் சிக்னலில் வைத்திருங்கள்.

## 8. செய்யவே கூடாதவை

வேறு தளங்களிலிருந்து செயலிக் கோப்பை எடுத்து ஏற்றப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் ஏறாது. ஏறினாலும் போன் விதி மீறியதாகக் காட்டி, வேலை மின்னஞ்சலே நின்றுவிடலாம்.

போனை ரீசெட் செய்தால் கட்டுப்பாடு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கம்பனி மொத்தமாக வாங்கிப் பதிந்த போன் இணையத்தைத் தொட்டவுடன் திரும்பப் பதிவுக்குள் போகும். உங்கள் படங்கள்தான் மிச்சமில்லாமல் போகும்.

சொந்தப் போனில் உள்ள வேலைப் பக்கத்தை நீக்கினால் அதிலுள்ள எல்லாம் அழியும், திரும்ப வைக்க ஐ.டி. பிரிவின் உதவி தேவை. சந்தா செயலி ஏறாததற்காக அதை நீக்கிய ஒருவருக்கு மாதக் கடைசியில் செக்ரோல் செயலி இல்லாமல் போய்விட்டது.

## 9. ஐபோன் என்றால்

`Settings` → `General` → `VPN & Device Management` பாருங்கள். அங்கே கம்பனி பெயர் இருந்தால் கட்டுப்பாடு உண்டு. `App Store` குறியே காணவில்லை என்றால் செயலி ஏற்றுவதையே மூடியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். கம்பனி கொடுத்த ஆப்பிள் கணக்கால் எதையும் வாங்க முடியாது, சொந்த ஆப்பிள் கணக்கு வேண்டும். நுழைவதைப் பற்றி 5ஆம் படியில் சொன்னது அப்படியே பொருந்தும்.

## 10. போனைத் திருப்பிக் கொடுக்கும் முன்

செயலியை அழித்தால் சந்தா நிற்காது. கம்பனி போனைத் துடைத்தாலும் நிற்காது, மாதாமாதம் வங்கி அட்டையிலிருந்து காசு போகும். பிளே ஸ்டோரில் கட்டியிருந்தால் சொந்தக் கணக்கின் `Payments & subscriptions` பக்கத்திலும், இணையத்தளத்தில் கட்டியிருந்தால் அங்கேயும் போய், தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யுங்கள்.

சிம்மும் கம்பனியுடையது என்றால் அதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. சந்தாக் கணக்கிலும் சொந்த ஜிமெயிலிலும் சரிபார்ப்பு எண் எந்த நம்பருக்கு வருகிறது என்று பாருங்கள். கம்பனி நம்பராக இருந்தால், சிம் உங்கள் கையில் இருக்கும்போதே சொந்த நம்பருக்கு மாற்றுங்கள், ஏனென்றால் மாற்றுவதற்கே பழைய நம்பருக்கு ஓர் எண் வரலாம். பண்டாரவளைக்கு மாற்றலாகிப் போன ஓர் அக்கா போனையும் சிம்மையும் கொடுத்து ஒரு வாரம் கழித்துத்தான் இதைக் கவனித்தார். அந்தச் சிம் அதற்குள் அவருடைய இடத்துக்கு வந்தவரின் கையில் இருந்தது. அவரைத் தேடிப் பிடித்து, போனில் எண்ணை வாசிக்கச் சொல்லி, அரை மணித்தியாலத்தில் ஜிமெயிலை மீட்டோம்.